மனப்பாடம் நின்ற இடம்

பழைய ஆஸ்பத்திரியில் அவளை டேப்பக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஆபரேஷன் கருவிகளைக் கழுவித் துடைத்து, துணியில் பொதிந்து, ஆட்டோகிளேவ் என்கிற பெரிய நீராவி இயந்திரத்தில் வைத்துக் கிருமி நீக்கும் பிரிவில் பதினோரு வருஷம் வேலை பார்த்தவள். பொதியின் மேல் ஒட்டுகிற டேப்பில் வெளிறிய கோடுகள் இருக்கும். நீராவி பட்டால் கறுத்துவிடும். கோடு கறுக்காத ஒரு பொதிகூட அவள் கையைத் தாண்டி வெளியே போனதில்லை. பேர் அப்படி வந்தது. கேலியாக வைத்த பேர்தான். ஆனால் இரண்டாம் வருஷத்துக்குள் டாக்டர்களே அப்படிக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள்.

அவள் கணவன் பஸ் டெப்போவில் எலக்ட்ரிஷியன். நாற்பத்து மூன்று வயதில் அவனுக்கு இரண்டு சிறுநீரகமும் கைவிட்டன. டாக்டர் இரண்டு வழி சொன்னார். வாரத்துக்கு மூன்று நாள் ஆஸ்பத்திரிக்கு வந்து மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொள்வது ஒன்று. வயிற்றில் ஒரு குழாய் பொருத்தி, வீட்டிலேயே ஒரு நாளைக்கு நாலு தடவை மருந்து நீரை உள்ளே விட்டு, பழையதை வெளியே எடுப்பது இன்னொன்று. அவன் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தான். வாரம் மூன்று நாள் பஸ்ஸில் இடிபட்டுப் போய்வர உடம்பு தாங்காது என்றான். அவள் வேலையை விட்டாள்.

நாலு வருஷம் அப்படிப் போயிற்று. ஒரு காலை, நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவன் அப்படியே சாய்ந்தான். மாரடைப்பு என்று எழுதிக் கொடுத்தார்கள்.

சாவு வீட்டில் ஆயிரம் பேர் ஆயிரம் சொல்வார்கள். எதுவும் அவளைத் தொடவில்லை, ஒன்றைத் தவிர. அவள் நாத்தனார், அவனுடைய ஒரே தங்கை, அழுது வீங்கிய முகத்தோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்து, “ஆஸ்பத்திரியிலேயே வெச்சுப் பாத்திருக்கலாமே அண்ணி” என்றாள். அவ்வளவுதான். சண்டையில்லை, சத்தமில்லை. அதற்குப் பிறகு நாலைந்து மாதம் இரண்டு பேரும் போனில் பேசிக்கொண்டதெல்லாம் குழந்தை எப்படி இருக்கா, படிக்கிறாளா என்பதோடு சரி.

குழந்தை என்பது பதினான்கு வயதுப் பெண். அவளுக்காகத்தான் மறுபடி வேலை தேட வேண்டியிருந்தது. பழைய ஆஸ்பத்திரியில் அந்தப் பிரிவையே வெளி ஆட்களிடம் ஒப்படைத்துவிட்டார்கள், அங்கே இடமில்லை. ஜெராக்ஸ் கடையில் விண்ணப்பம் அடித்துக் கொடுத்தவர் நல்ல மனுஷன். “இன்டர்வியூல முதல்ல உங்களைப் பத்திச் சொல்லுங்கன்னுதான் கேப்பாங்க, இதைப் படிச்சுக்கங்கம்மா” என்று ஒரு தாளையும் அச்செடுத்துத் தந்தார். அதில் இருந்தது இது:

“மதிப்பிற்குரிய தேர்வுக் குழுவினருக்கு என் பணிவான வணக்கம். நான் கடின உழைப்பும் நேர்மையும் கடமை உணர்வும் கொண்டவள். குழுவாக இணைந்து பணியாற்றுவதிலும் தனித்துச் செயல்படுவதிலும் சம அளவு ஆர்வம் உடையவள். மருத்துவமனைத் துறையில் பதினோரு ஆண்டுகள் பணியாற்றிய அனுபவம் உண்டு. சில சொந்தக் காரணங்களால் நான்கு ஆண்டுகள் பணியிலிருந்து விலகியிருந்தேன். எனக்கு ஒரு வாய்ப்பு அளித்தால் நிறுவனத்தின் வளர்ச்சிக்கு முழுமையாகப் பாடுபடுவேன் என்று உறுதியளிக்கிறேன்.”

பாத்திரம் தேய்க்கும்போதும் துணி காயப்போடும்போதும் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். கேட்டுக் கேட்டு மகளுக்கே பாடமாகிவிட்டது. அம்மா நடுவில் தடுமாறினால் அடுத்த அறையிலிருந்து மகள் எடுத்துக் கொடுப்பாள். “பணிவான வணக்கம்” என்பதை மட்டும் இருவரும் சேர்ந்தே சொல்லிச் சிரித்துக்கொள்வார்கள்.

முதல் இன்டர்வியூவில் ‘சில சொந்தக்’ என்கிற இடத்தில் நின்றுவிட்டாள். அடுத்த வார்த்தை வரவில்லை. எடுத்துக் கொடுக்க அடுத்த அறையில் யாருமில்லை. முதலிலிருந்து ஆரம்பித்து, மறுபடி அதே இடத்தில் நின்றாள். எதிரே இருந்தவர் தண்ணீர் டம்ளரை அவள் பக்கம் நகர்த்தினார். அதுதான் அவளுக்கு மிகவும் அவமானமாக இருந்தது.

இரண்டாவது இடத்தில் விடக்கூடாது என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். அங்கே இருந்த வயதான டாக்டரம்மா முழுக்கக் கேட்டார். பிறகு, குத்தல் எதுவும் இல்லாமல், “ரொம்ப நல்லா சொன்னீங்க. இப்ப உங்களைப் பத்திச் சொல்லுங்க” என்றார். அவளுக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. இருந்ததெல்லாம் அந்தத் தாளில் இருந்தது, அது தீர்ந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து மகளிடம் எதுவும் சொல்லவில்லை. ஆனால் மகளுக்குப் புரிந்தது. அம்மாவுக்குத் தெரியாமல் அத்தைக்குப் போன் செய்தவள் அவள்தான். மூன்றாவது இன்டர்வியூவுக்கு ஒன்பது நாள் இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நாத்தனார் வாசலில் வந்து நின்றாள்.

இந்த நாத்தனார் கோர்ட்டில் வேலை செய்பவள். சாட்சிகள் பேசுவதை ஒலிப்பதிவு செய்வார்கள். அதைக் காதில் மாட்டிக்கொண்டு, ஒரு வார்த்தை விடாமல் டைப் செய்வது அவள் வேலை. நாளெல்லாம் முகம் தெரியாத மனிதர்களின் குரலோடு இருப்பவள். அதனால் தன் குரலை அதிகம் செலவு செய்யமாட்டாள் என்று அண்ணன் கிண்டல் செய்வான்.

தாளை வாங்கி ஒரு தடவை படித்தாள். அண்ணியைச் சொல்லச் சொன்னாள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். ‘சில சொந்தக்’ வந்தது, நின்றது.

“இதுல ஒரு வார்த்தைகூட நீங்க பேசுற வார்த்தை இல்லையே அண்ணி. உறுதியளிக்கிறேன்னு என்னைக்காவது வீட்ல சொல்லியிருக்கீங்களா?”

“வீட்ல பேசுற மாதிரி அங்க பேச முடியுமா?”

கோர்ட்டில் பார்த்ததை நாத்தனார் சொன்னாள். யாரோ சொல்லிக் கொடுத்ததை ஒப்பிக்கிற சாட்சியும், கண்ணால் பார்த்ததைச் சொல்கிற சாட்சியும் காதிலேயே வித்தியாசப்படுவார்களாம். ஒப்பிக்கிறவர் எல்லா வார்த்தையையும் ஒரே வேகத்தில் சொல்வார். குறுக்கே ஒரு கேள்வி போட்டால் முதலிலிருந்துதான் ஆரம்பிக்க முடியும். பார்த்தவர் அப்படியில்லை. நிறுத்துவார், திருத்துவார், கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு விட்ட இடத்துக்குத் தானே வந்துவிடுவார். “வக்கீல்களுக்கு இது தெரியும். இன்டர்வியூ வெக்கிறவங்களுக்குத் தெரியாதா? கடின உழைப்பாளின்னு அன்னைக்கு வர்ற எல்லாரும்தான் சொல்லுவாங்க. அதை வெச்சு அவங்க என்ன பண்ணுவாங்க?”

எழுத வேண்டாம், பேசலாம் என்றாள். காய்ந்த துணிகள் கட்டிலில் குவிந்து கிடந்தன. இருவரும் உட்கார்ந்து மடிக்க ஆரம்பித்தார்கள். போனைத் தலையணை மேல் வைத்துப் பதிவை ஓடவிட்டாள் நாத்தனார். வேலைக்குப் போனதும் காலையில் முதலில் என்ன செய்வீர்கள் என்று கேட்டாள்.

அது யாரும் அவளிடம் கேட்காத கேள்வி. காலி இயந்திரத்தில் முதலில் ஒரு சோதனைப் பொட்டலம் வைப்போம் என்று ஆரம்பித்தாள். அதன் நடுவில் ஒரு தாள் இருக்கும். நீராவி எல்லா இடத்துக்கும் போயிருந்தால் தாள் முழுக்க ஒரே நிறமாகக் கறுக்கும். உள்ளே காற்று தங்கிவிட்டால் அந்த இடம் வெளிறியே இருக்கும். ஒரு நாள் நடுவில் உள்ளங்கை அளவு வெளிறல். மறுபடி ஓட்டினாள், மறுபடி வெளிறல். இயந்திரத்தை நிறுத்திப் பூட்டுப் போட்டாள். ஆபரேஷனுக்கு ஆள் மேஜையில் படுக்கத் தயார். பெரிய சர்ஜன் நேரே கீழே இறங்கி வந்து கத்தினார். சாவியைக் கொடுக்கமாட்டேன் என்றாள். இன்னொரு இயந்திரத்தில் போட்டு எடுக்க இரண்டு மணி நேரம் தாமதம். மெக்கானிக் வந்து பார்த்தால் கதவு ரப்பரில் நூல் அளவு விரிசல்.

சொல்லும்போது அவள் கைகள் துணியை விட்டுவிட்டுக் காற்றில் அந்தத் தாளைப் பிடித்துக்கொண்டிருந்தன. குரல் வேறாக இருந்தது. அடுத்த அறையிலிருந்து மகள் வந்து கதவருகே நின்று கேட்டாள். அவளுக்கும் இந்தக் கதை புதிது.

“சரி. அதுக்கப்புறம் அந்த நாலு வருஷம்” என்றாள் நாத்தனார்.

பேச்சு நின்றது. ஒப்பிக்கும்போது நிற்கிற அதே இடம். நாத்தனாருக்கு அப்போதுதான் உறைத்தது, ஞாபக மறதியால் அண்ணி அங்கே நிற்கவில்லை என்று.

“அதை விட்டுடலாம்” என்றாள் டேப்பக்கா. “அவர் செத்துப்போனதைச் சொல்லி வேலை கேக்கணுமா?”

“சாவைச் சொல்ல வேண்டாம் அண்ணி. நீங்க என்ன செஞ்சீங்கன்னு சொல்லுங்க. எனக்குச் சொல்லுங்க. எனக்கே தெரியாது.”

டேப்பக்கா இன்னும் இரண்டு துணியை மடித்தாள். பிறகு சொன்னாள். வீட்டில் அதற்கென்று ஒதுக்கிய சின்ன அறையில் முதலில் ஜன்னலைச் சாத்த வேண்டும், ஃபேனை நிறுத்த வேண்டும், தூசி பறக்கக்கூடாது. இருவர் முகத்திலும் மாஸ்க். முழங்கை வரை கை கழுவல். குழாயின் முனையைக் கழற்றிப் புதுப் பையில் பொருத்துகிற சில வினாடிகளில் விரல் எதிலும் படக்கூடாது. பட்டால் கிருமி நேரே வயிற்றுக்குள். வெளியே வந்த நீரைப் பையோடு வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்க வேண்டும். அடியில் வைத்த அச்செழுத்து படிக்க முடிகிற மாதிரி தெளிவாக இருந்தால் நல்லது. கலங்கியிருந்தால் அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். ஒரு நாளைக்கு நாலு தடவை.

“கலங்கியிருக்கா? எத்தனை தடவை?”

“ஒரு தடவைகூட இல்ல” என்றாள். “நாலு வருஷத்துல ஒரு தடவைகூட இல்ல. நான் தினம் குறிச்சு வெச்ச நோட்டை டாக்டரே வாங்கிப் பாத்துட்டு நம்பாம திரும்பக் கேட்டார்.” சொல்லிவிட்டு, நாத்தனார் முகத்தைப் பார்க்காமல், மெதுவாகச் சேர்த்தாள்: “இதயம் நின்னதுக்கும் அதுக்கும் சம்பந்தமில்லன்னு சொன்னாங்க. உங்கிட்ட சொல்லணும்னு இருந்தேன். நீ கேக்கல.”

நாத்தனார் போனை எடுத்துப் பதிவை நிறுத்தினாள். கேட்கப் பயமாக இருந்தது என்றாள். கேட்டால் அண்ணன் மேலேயும் கோபப்பட முடியாது, அண்ணி மேலேயும் முடியாது, யார் மேலேயும் முடியாமல் போய்விடும் என்று பயந்தாளாம். மன்னிப்பு என்ற வார்த்தையை அவள் சொல்லவில்லை. மடித்த துணிகளை எடுத்துக்கொண்டு போய் அலமாரியில் அடுக்கினாள். எது எந்தத் தட்டில் என்று தெரியாமல் எல்லாவற்றையும் மாற்றி வைத்தாள். டேப்பக்கா திருத்தப் போகவில்லை.

மறுநாள் வேலை முடிந்து, கோர்ட்டில் சாட்சி சொன்னதை எழுதுகிற மாதிரியே அதை முழுக்க டைப் செய்து கொண்டுவந்தாள். பதினொரு பக்கம். மூன்று பேரும் பென்சிலோடு உட்கார்ந்தார்கள். புது வார்த்தை எதுவும் சேர்ப்பதில்லை, வெட்டுவது மட்டும்தான் என்று நாத்தனார் சட்டம் போட்டாள். அவள் வாயால் சொன்ன வாக்கியம் மட்டுமே மிஞ்ச வேண்டும். சர்ஜன் கத்தியது வெட்டுப்பட்டது. அடுத்தவரைக் குறை சொல்வதுபோல் ஆகும். கணவனின் வியாதி ஒரு வாக்கியத்துக்குச் சுருங்கியது. ‘ஒரு தடவைகூட இல்ல’ மட்டும் அப்படியே இருக்கட்டும் என்று மகள் சொன்னாள். ஒன்றரை நிமிஷத்துக்குள் வந்ததும் நாத்தனார் அந்தத் தாளையும் வாங்கி மடித்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

“இதையும் மனப்பாடம் பண்ணிடுவீங்க. தாள் வேண்டாம். நாலு வார்த்தை போதும்.”

கையகலத் துண்டில் எழுதிக் கொடுத்தாள்: வேலை, வெளிறல், வீடு, இங்கே. முதலில் என்ன வேலை, எத்தனை வருஷம். அடுத்து அந்த ஒரு சம்பவம். அடுத்து இடைவெளி, மறைக்காமல், நீட்டாமல். கடைசியில் இந்த ஆஸ்பத்திரிக்கு ஏன். நாலு படி, எந்தப் படியில் எந்த வார்த்தை வந்தாலும் சரி. தினமும் வேறு வேறு மாதிரி சொல்ல வேண்டும் என்பது கட்டளை. நேற்றுச் சொன்ன மாதிரியே ஒரு வாக்கியம் வந்தால் மகள் மேஜையைத் தட்டுவாள். நடுவில் கேள்வி கேட்பதும் அவள் பொறுப்பு. அதை அவள் அளவுக்கு மீறி ரசித்தாள். சோதனைத் தாளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கும்போது “உங்களுக்குக் கோபம் வருமா?” என்று கேட்டாள். “உன்னை மாதிரி ஒருத்தி வீட்ல இருந்தா வரும்” என்று பதில் சொல்லிவிட்டு டேப்பக்கா விட்ட இடத்துக்குத் திரும்பி வந்தாள். நாத்தனார் தலையை ஆட்டினாள்.

முடிப்பதில்தான் கஷ்டம். பழக்கத்தில் ‘நன்றி, வணக்கம்’ என்று வேகமாக முடித்துத் தலைகுனிந்துவிடுவாள். கடைசி வாக்கியத்தை மெதுவாகச் சொல்லி, குரலைக் கீழே இறக்கி, அவர்களைப் பார்த்தபடி நிறுத்திவிட வேண்டும். பிறகு வரும் மௌனம் அவர்களுடையது, அதை நிரப்ப வேண்டியதில்லை. இதற்கு மட்டும் நாலு நாள் ஆனது.

மூன்றாவது ஆஸ்பத்திரி புதிதாக ஒரு மாடி எழுப்பிக்கொண்டிருந்தது. நடைபாதையில் சுண்ணாம்பு வாசனை. வெளியே பெஞ்சில் ஆறு பேர். பக்கத்தில் இருந்த பெண் உதட்டை அசைத்து எதையோ சொல்லிக்கொண்டிருந்தாள். ‘கடமை உணர்வும்’ என்பது காதில் விழுந்தது. டேப்பக்கா வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். நாலு வார்த்தையை மனசுக்குள் தொட்டுப் பார்த்தாள். இருந்தன.

உள்ளே மூன்று பேர்: நர்சிங் சூப்பரின்டென்டென்ட், ஒரு சர்ஜன், அலுவலக மேனேஜர். மேனேஜர் கோப்பிலிருந்து தலையைத் தூக்காமல், உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார்.

“வணக்கம் சார், வணக்கம் மேடம். நான் பதினோரு வருஷம் கிருமி நீக்கும் பிரிவுல இருந்தேன். அழுக்குக் கருவி உள்ள வர்ற ஜன்னல்லேருந்து, சுத்தமான செட் வெளிய போற ஜன்னல் வரைக்கும் எல்லா வேலையும் தெரியும். காலைல முதல் வேலை மெஷினைச் சோதிக்கிறது. ஒரு நாள் சோதனைத் தாள்ல நடுவுல வெளிறியிருந்தது. திரும்ப ஓட்டினேன், திரும்பவும் அப்படியே.”

“எந்த இடத்துல வெளிறல்?” சர்ஜன் குறுக்கே கேட்டார்.

“நட்ட நடுவுல சார். ஓரமெல்லாம் கறுத்திருந்தது. அப்ப உள்ள காற்று நிக்குதுன்னு அர்த்தம். மெஷினைப் பூட்டிட்டேன். ஆபரேஷன் ரெண்டு மணி நேரம் தள்ளிப்போச்சு. கதவு ரப்பர்ல விரிசல்னு அப்புறம் தெரிஞ்சுது. தாமதத்துக்கு நான்தான் காரணம்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.”

மேனேஜர் தலையைத் தூக்கினார்.

“அதுக்கப்புறம் நாலு வருஷம் வேலைல இல்ல” என்றாள். எப்போதும் நிற்கிற இடம். அவசரப்படாமல் அடுத்த வார்த்தையை எடுத்தாள். “என் வீட்டுக்காரருக்குச் சிறுநீரகம் வேலை செய்யல. வயித்துக் குழாய் வழியா வீட்லயே தினம் நாலு தடவை நான்தான் செஞ்சேன். நாலு வருஷத்துல கிருமி ஒரு தடவைகூட உள்ள போகல. இப்ப அவர் இல்ல. நான் திரும்ப வேலைக்கு வரணும். இங்க புது ஆபரேஷன் தியேட்டர் வருதுன்னு கேள்விப்பட்டேன். புது மெஷினை முதல் நாள்லேருந்து பாத்துக்குற எடத்துல இருக்கணும்னு ஆசை.”

நிறுத்தினாள். அறை அமைதியாக இருந்தது. அவள் அதை நிரப்பவில்லை.

சூப்பரின்டென்டென்ட்தான் பேசினார். வீட்டில் எந்த அறையில் செய்தீர்கள், கை கழுவ எவ்வளவு நேரம், குறித்து வைத்தீர்களா என்று கேட்டார். இன்டர்வியூ கேள்வி மாதிரி இல்லை. ஒரே வேலையைச் செய்கிற இருவர் பேசிக்கொள்கிற மாதிரி இருந்தது. நாலு வருஷத்தில் முறைகள் மாறியிருக்குமே என்றார் மேனேஜர். மாறியிருக்கும், புதிதாகப் படித்துக்கொள்ள வேண்டியது நிறைய இருக்கும் என்று ஒத்துக்கொண்டாள். தெரியாததைத் தெரியும் என்று சொல்கிற பழக்கம் அந்தப் பிரிவில் யாருக்கும் இருக்கக்கூடாது சார் என்றாள்.

எட்டு நாள் கழித்துக் கடிதம் வந்தது. ஆறு மாதம் தற்காலிகம், பிறகு பார்த்து நிரந்தரம். அவள் நாத்தனாருக்குப் போன் செய்தாள். “கிடைச்சிடுச்சு” என்று மட்டும் சொன்னாள். அந்தப் பக்கம் நாத்தனார் அழுவது கேட்டது.

அவள் நிரந்தரமாகி இப்போது மூன்று வருஷம் ஆகிறது. நாத்தனார் மாதத்தில் இரண்டு ஞாயிறாவது வந்துவிடுகிறாள். முதலில் அண்ணனைப் பற்றிப் பேச இருவரும் தயங்கினார்கள். பிறகு அது சகஜமாயிற்று. ஒரு நாள் மகளுக்குத் தடுப்பூசி போட்டுவந்த பேச்சு எழுந்தபோது நாத்தனார் சிரித்தாள். சின்ன வயதில் ஊசி என்றாலே அண்ணன் மொட்டை மாடிக்கு ஓடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொள்வானாம். இரண்டு பேர் பிடித்து இழுத்து வர வேண்டுமாம். பெரியவனான பிறகும் அந்தப் பயம் போகவேயில்லை, வெளியே சொல்ல வெட்கம் என்றாள்.

டேப்பக்கா கையில் இருந்ததைக் கீழே வைத்தாள். ஆஸ்பத்திரி மெஷின் என்றால் ஒவ்வொரு தடவையும் கையில் இரண்டு பெரிய ஊசி. வாரம் மூன்று நாள்.

“பஸ்ல போய்வர முடியாதுன்னுதான் எங்கிட்ட சொன்னார்” என்றாள்.

நாத்தனார் அண்ணியைப் பார்த்தாள். “அண்ணன் பயந்தது பஸ்ஸுக்கு இல்ல அண்ணி, ஊசிக்கு” என்றாள்.